அரிசி டிரம்மு வாடை, அஞ்சறைப்பெட்டி பிசுபிசுப்பு, வண்டு மிச்சம்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பாத்திரக் கடையில நிக்கிற ஆளு நான். புது டிரம்மு கேட்டு வாறவங்கள்ல நெறைய பேரு பழசு உடைஞ்சோ ஓட்டையாயோ வாறதில்ல, வாடை தாங்காம தான் வாறாங்க. முக்காவாசி பேருக்கு புதுசு தேவையே இல்ல (முதலாளி இத படிக்க மாட்டாருங்கற தைரியத்துல எழுதுறேன்). கேக்குறது எல்லாம் சுத்தி சுத்தி ஒரே சந்தேகம் தான், அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே போட்டு பதிலும் எழுதி வச்சிட்டேன்.

அண்ணே, ஒவ்வொரு தடவ அரிசி தீரும்போதும் டிரம்ம கழுவணுமா?

வேண்டாம். அரிசி டிரம்முக்கு வண்டவிட பெரிய எதிரி தண்ணி தான். நம்ம ஊருல ஆனி ஆடி சாரலு ஒண்ணு, ஐப்பசி கார்த்திகை மழை இன்னொண்ணு, காத்துல எப்பவும் ஈரம் இருக்கும், மாசாமாசம் கழுவி அரைகுறையா காயவச்சு அரிசி கொட்டுனா நீங்களே பூஞ்சைய கூப்பிட்டு உக்கார வச்ச மாதிரி ஆயிரும். அரிசி தீந்தா டிரம்ம கமுத்தி தட்டி, அடியில நிக்கிற தவிட்டுத் தூள காஞ்ச துணியால தொடச்சு எடுத்தா போதும். ஆனா அந்த தொடைக்கிற வேலைய விடவே கூடாது, பழைய அரிசி ரெண்டு கிலோ கிடக்கும்போதே மேல புது மூட்டைய கொட்டுறது தான் எல்லா வினைக்கும் ஆரம்பம்.

தண்ணி விட்டு கழுவுறது வருசத்துக்கு ரெண்டு தடவ வச்சுக்கோங்க. பங்குனி சித்திரை வெயில்ல ஒண்ணு, ரெண்டு மழைக்கும் நடுவுல ஆவணி புரட்டாசில வெயிலு தெளியுற நாளு பாத்து ஒண்ணு. இடையில வாடை, பிசுபிசுப்பு, பூச்சி இந்த மூணுல ஏதாவது வந்தா மட்டும் கணக்கு பாக்காம கழுவுங்க.

உள்ள கைய வச்சா பிசுபிசுன்னு ஒட்டுகு. அரிசில என்ன எண்ணெயா இருக்கு?

இருக்கு. அரிசி மேல இருக்குற தவிட்டுல எண்ணெய் உண்டு, தவிட்டெண்ணெய்னு கடையில விக்கிறது அதுலருந்து எடுக்குறது தான். வெள்ளையா தீட்டுன அரிசில அது கொஞ்சம், நம்ம ஆளுங்க விரும்பி வாங்குற செவப்பு மட்ட அரிசில தவிடு கூட நிக்கும், அதனால எண்ணெயும் கூட. அந்தத் தூளு டிரம்மு சுவத்துல படிஞ்சு மாசக்கணக்கா காத்து பட்டு கெடும்போது தான் பழைய எண்ணெய் மாதிரி ஒரு காறலு வாடை வரும். பிசுபிசுப்பும் வாடையும் ரெண்டு பிரச்சினை இல்ல, ஒரே எண்ணெய் தான் ரெண்டு வேலையும் பாக்குது.

அதனால பச்சத்தண்ணிய ஊத்தி தேச்சா போகாது, இன்னும் நல்லா பரவும். மொதல்ல காஞ்ச துணியால முடிஞ்ச அளவு தூள எடுத்துரணும், ஈரம் பட்டா அது பசை ஆயிரும். பெறகு கை பொறுக்குற சூட்டுல தண்ணியும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும். எவர்சில்வர் டிரம்மா இருந்தா சோப்புக்கு முன்னாடி ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கலக்கி துணியில நனைச்சு உள்ள பூசி பத்து நிமிசம் விடுங்க, அந்த எண்ணெய் இளகி வந்துரும். கையுறை போட்டுக்கோங்க, சலவை சோடா கைய அரிக்கும். கம்பி நாரு வேண்டாம், கீறல் விழுந்தா அடுத்த தடவ தூளு அந்தக் கீறல்ல போய் உக்காரும். தேங்கா தும்பு போதும்.

நல்லா தேச்சு கழுவி கமுத்தி காயவச்சேன், ரெண்டு நாளு கழிச்சு மூடிய தொறந்தா அதே வாடை. டிரம்மு கெட்டுப் போச்சா?

எவர்சில்வர் டிரம்மா இருந்தா தகடு வாடைய குடிக்காது. நீங்க வயித்த கழுவிட்டு வாய விட்டுட்டீங்க, அவ்வளவு தான். டிரம்மோட வாய் விளிம்ப கை கிழிக்காம இருக்க சுருட்டி மடிச்சிருப்பாங்க, மூடிக்கும் அப்படித்தான். அந்த மடிப்பு முடியுற எடத்துல ஒரு நூலு எடைவெளி இருக்கும். தவிடு, வண்டு செத்த தூளு, அது போட்ட கழிவு எல்லாம் அங்க போய் அடையும், கழுவுற தண்ணியும் அங்கயே போய் நிக்கும். நீங்க தரையில சப்புனு கமுத்தி வச்சா அந்தத் தண்ணி வடியவே வடியாது.

கருங்கல் ஊருலருந்து ஒரு அக்கா இருவத்தஞ்சு கிலோ டிரம்ம ஆட்டோவுல தூக்கிட்டு வந்து "இத எடுத்துக்கிட்டு புதுசு தாங்க"ன்னு நின்னாங்க. உள்ள பளபளன்னு இருந்துச்சு, வாடை மட்டும் குப்புனு அடிச்சுது. டிரம்ம பேப்பர் மேல கமுத்தி விளிம்ப சுத்தி மரக்கட்டையால மெதுவா தட்டுனேன், தேயிலைத் தூளு மாதிரி பழுப்பா கொட்டுச்சு, நடுநடுவுல வண்டோட கறுப்பு ஓடு. ஈர்க்குச்சிய மடிப்புக்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்துனா இன்னும் வந்துச்சு. அகலமான பேசின்ல நாலு விரக்கடை வெந்நீர் ஊத்தி சலவை சோடா போட்டு டிரம்மோட வாய அதுக்குள்ள கமுத்தி அரை மணி நேரம் வச்சோம், மூடிய பக்கத்துலயே முக்கினோம். எடுக்கும்போது தண்ணி கட்டஞ்சாயா நெறத்துல இருந்துச்சு. பழைய பல் பிரஷ்ஷால மடிப்ப சுத்தி தேச்சு நல்ல தண்ணியில ரெண்டு தடவ அலசி, கடைக்கு பின்னாடி ரெண்டு செங்கல் மேல சரிச்சு வச்சோம், மடிப்புக்குள்ள நிக்கிற தண்ணி ஒரு பக்கமா வழிஞ்சு போறதுக்கு. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா உருட்டி விடணும். அந்த அக்கா டிரம்ம திருப்பி எடுத்துட்டு போயிட்டாங்க, எனக்கு ஒரு வியாபாரம் போச்சு.

வாடை போச்சான்னு தெரிய கழுவுன ஒடனே மோந்து பாத்து பிரயோஜனம் இல்ல, சோப்பு மணம் தான் அடிக்கும். நல்லா காஞ்ச பெறகு வெறும் டிரம்ம மூடி ராத்திரி முழுக்க வச்சு காலையில தொறந்த ஒடனே மூக்க உள்ள விடுங்க. வாடை வந்தா மடிப்புல இன்னும் இருக்கு, இல்லன்னா அடித்தகடு ஒட்டுற மூட்டுல இருக்கு, அங்க ஒரு தடவ ஈர்க்குச்சிய விடுங்க.

ஆப்ப சோடாவும் வினிகரும் சேத்து ஊத்துனா நுரைச்சு அழுக்க எடுக்கும்னு வீடியோல பாத்தேன், செய்யலாமா?

நுரை பாக்க அழகா இருக்கும், அதோட சரி. ஒண்ணு காரம், ஒண்ணு புளிப்பு, ரெண்டும் சேந்தா ஒண்ண ஒண்ணு தீத்துரும், மிச்சம் கிட்டத்தட்ட உப்புத்தண்ணி தான். எண்ணெய்க்கு காரம் தனியா, உப்புக்கறைக்கு புளிப்பு தனியா, இடையில அலசிட்டு போடணும். பிளீச்சிங் பவுடர வினிகரோடவோ எலுமிச்சம்பழத்தோடவோ சேக்கவே சேக்காதீங்க, குளோரின் வாயு கிளம்பும், மூடுன அடுக்களையில ரொம்ப ஆபத்து. எவர்சில்வர்லயும் பிளீச்சிங் வேண்டாம், புள்ளி புள்ளியா அரிச்சிரும்.

நீங்க சொன்ன மாதிரி சோடா போட்டேன், டிரம்மு கறுத்துப் போச்சு!

அது அலுமினியம். அதனால தான் மேல எவர்சில்வர்னு சொல்லி வச்சேன். சலவை சோடா அலுமினியத்த அரிக்கும், மேல் பளபளப்பு போய் கறுப்பு படியும். புளித்தண்ணிய கொதிக்க வச்சு ஊத்தி கொஞ்ச நேரம் விட்டு தும்பால தேச்சா பெரும்பாலும் வெளுக்கும், பெறகு நல்லா அலசிருங்க. இனிமே அலுமினியத்துக்கு வெந்நீரும் பாத்திர சோப்பும் மட்டும், ரெண்டு தடவ போட்டாலும் பரவால்ல.

கொதிக்க கொதிக்க தண்ணி ஊத்தி கழுவுனேன், புது அரிசி போட்டு ஒரு மாசத்துல திரும்ப வண்டு. எங்கேருந்து வருகு?

புது அரிசிலருந்து. அந்த மூக்கு நீண்ட கறுப்பு வண்டு அரிசிமணியில ஓட்ட போட்டு உள்ள முட்டைய வச்சு மேல பூசி அடைச்சிரும். புழு உள்ளயே தின்னு உள்ளயே வளந்து வண்டா தான் வெளிய வரும், நம்ம ஊரு சூட்டுக்கு அதுக்கு ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். கடையில அள்ளி பாக்கும்போது சுத்தமா தான் இருக்கும். நீங்க சொல்ற "ஒரு மாசம்"ங்கறதே டிரம்மு மேல தப்பு இல்லன்னு காட்டுது. டிரம்முல மிச்சம் இருந்த வண்டா இருந்தா மொத வாரத்துலயே மேல ஊர்ந்து திரியும்.

அதுக்குன்னு டிரம்ம கழுவாம விடலாமான்னு கேக்காதீங்க. பழைய மடிப்புல ரெண்டு வண்டு உயிரோட இருந்தா போதும், நல்ல அரிசியும் போயிரும். கொதிதண்ணி எவர்சில்வர்ல வண்டு முட்டை புழு எல்லாத்தையும் கொல்லும், ஆனா மடிப்புக்குள்ள சூடு போய் சேரணும்னா மேல சொன்ன மாதிரி வாய முக்கி வைக்கணும், சும்மா ஊத்தி ஓடவிட்டா பத்தாது. பிளாஸ்டிக்குல கொதிதண்ணி ஊத்தாதீங்க, நெளிஞ்சு மூடி சேராம போயிரும், பெறகு எறும்பும் வரும். அரிசிக்கு வழி என்னன்னா கொஞ்சமா வாங்குங்க, ஒரு மாசத்துல தீருற அளவு. ரெண்டு மூணு கிலோ தான்னா பையில கட்டி ஃப்ரீசர்ல ஒரு வாரம் வச்சு எடுத்து, பையோட வெளி ஈரம் காஞ்ச பெறகு பிரிச்சு டிரம்முல போடுங்க, உள்ள இருக்குற முட்டையும் செத்துரும்.

வண்டு இல்ல, ஆனா மூடிக்கு அடியில நூலாம்படை மாதிரி கட்டி அரிசி கோத்துக்கிட்டு நிக்கி. இது என்ன?

அது அந்துப்பூச்சி. அதோட புழு நூலு விட்டு அரிசிய ஒண்ணோட ஒண்ணு கட்டி உள்ள இருந்து தின்னும். கூடு கட்டுற நேரம் வந்தா மேல ஏறி மூடி இடுக்கு, டிரம்மு வெளிப்பக்கம், அலமாரி மூலைன்னு போயிரும். இதுக்கு டிரம்ம மட்டும் கழுவி பிரயோஜனம் இல்ல, டிரம்மு நின்ன எடத்த இழுத்து பாருங்க, சுவரும் பலகையும் சேருற மூலையில வெள்ளையா கூடு ஒட்டியிருக்கும், சுரண்டி எடுத்து வெந்நீர்ல போடுங்க. நூலு கட்டுன அரிசிய சொளவுல போட்டு பொடைச்சாலும் நூலு போகாது, அந்த மேல் பகுதிய அள்ளி கோழிக்கு போட்டுருங்க.

அஞ்சறைப்பெட்டி கிண்ணத்துக்கு அடியில பிசின் மாதிரி ஒட்டியிருக்கு, சோப்பு போட்டா வழுக்குகே ஒழிய போக மாட்டேங்கு.

தீயலுக்கு மல்லியும் வத்தலும் தேங்காவும் எண்ணெயில வறுத்து பொடிச்சு போட்டு வைக்கிற வீட்டுல இது கட்டாயம் வரும். பொடியில இருக்குற எண்ணெய் கசிஞ்சு கிண்ணத்துக்கு வெளிய வழிஞ்சு, பெட்டியோட தட்டுல படிஞ்சு காத்து பட்டு பட்டு வார்னிஷ் மாதிரி இறுகிரும். பக்கத்துலயே தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெயும் ஆவியும் வேற. இறுகுன எண்ணெய்ய புது எண்ணெய் தான் இளக்கும். தேங்கா எண்ணெய்ய விரல்ல தொட்டு அந்த பிசின் மேல தடவி மூணு நாலு மணி நேரம் விடுங்க. பெறகு நகத்தால ஒரு ஓரத்த கீறி பாருங்க, தோலு மாதிரி சுருண்டு வந்தா ஊறிருச்சு, பொடியா உதிர்ந்தா இன்னும் ஊறணும்.

ஊறுன பெறகு தண்ணி விடாதீங்க. கடலமாவையோ அரிசிமாவையோ தூவி காஞ்ச துணியால தேச்சா மாவு எண்ணெயையும் பிசினையும் சேத்து உருட்டிக்கிட்டு வரும். அத குப்பையில போட்டுட்டு தான் வெந்நீரும் சோப்பும். எவர்சில்வர் பெட்டியோட உள்மூடி விளிம்பும் மேல டிரம்முக்கு சொன்ன அதே மடிப்பு தான், ஈர்க்குச்சிய மறக்காதீங்க. பெருங்காயம் ஒட்டுன எடத்துக்கும் இதே முறை தான், ஆனா வாடை போக கூட ஒரு நாளு வெயிலு வேணும்.

மஞ்சப்பொடி கிண்ணத்துல சோப்பு போட்டா ரத்தம் மாதிரி செவக்கி, பயந்துட்டேன். கலப்படமா?

இல்ல மக்கா. மஞ்சளுக்கு காரம் பட்டா செவக்கும், சுண்ணாம்பு சேத்து ஆரத்தி கரைக்கிறோமே, அதே சமாச்சாரம். சோப்பிலயும் காரம் இருக்கு. அலசி எலுமிச்சம்பழம் தடவுனா திரும்ப மஞ்ச ஆயிரும். கறை போகணும்னா தேய்க்கிறத விட்டுட்டு ஈரத்தோட வெயில்ல வையுங்க, மஞ்ச நெறம் வெயிலுக்கு நிக்காது. வெள்ள பிளாஸ்டிக் மூடி கூட ரெண்டு மூணு நல்ல வெயிலுக்கு நெறைய வெளுத்துரும்.

மல்லி டப்பாவுல பொடிசா செவப்பு கலந்த பழுப்பு வண்டு. மூணு தடவ கழுவிட்டேன், திரும்ப திரும்ப வருகு.

அரிசில வர்ற வண்டு வேற, இது வேற. இதுக்கு மூக்கு நீண்டிருக்காது, பறக்கும், பாலித்தீன் கவர கூட ஓட்ட போட்டு வெளிய வரும். மல்லி, வத்தல், சுக்கு, மஞ்ச, பிஸ்கட் எல்லாத்தையும் தின்னும். நீங்க கழுவுற டப்பா அதுக்கு வீடு இல்ல, சாப்பாட்டுக்கு வர்ற எடம். அலமாரியில இருக்குற ஒவ்வொரு கவரையும் எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, ஊசி குத்துன மாதிரி வட்ட ஓட்ட எந்த கவருல இருக்கோ அது தான் வீடு. பெரும்பாலும் பின்னாடி மறந்து கிடக்குற பழைய வத்தல் கவரு, இல்லன்னா பாதி பிரிச்ச மசாலா பாக்கெட்டு. அத எடுத்து வெளிய போட்டுட்டு அலமாரி இடுக்கெல்லாம் பிரஷ்ஷால கூட்டி எடுத்த பெறகு டப்பாவ கழுவுங்க. கிராம்பு நல்லமிளகு மாதிரி முழுசா இருக்குற சாமானையும் சேத்து பாத்துருங்க, அதுலயும் வரலாம்.

பிளாஸ்டிக் டப்பாவுல கரம் மசாலா வாடை போகவே மாட்டேங்கு, அதுல சீனி போடலாமா?

போடாதீங்க, சாயாவுல கிராம்பு மணக்கும். பிளாஸ்டிக்கு எவர்சில்வர் மாதிரி இல்ல, மசாலா எண்ணெய்ய தனக்குள்ள இழுத்துக்கும். கழுவி காயவச்சு உள்ள பேப்பர கசக்கி நெறச்சு மூடி நாலஞ்சு நாளு விட்டா கொஞ்சம் குறையும், முழுசா போகாது. அந்த டப்பாவ மசாலாவுக்கே விட்டுருங்க. மூடியில ரப்பர் வளையம் இருந்தா அத கழட்டி தனியா மோந்து பாருங்க, பல நேரம் டப்பா சுத்தமா தான் இருக்கும், வாடை முழுக்க வளையத்துல. வளையம் மட்டும் கடையில கெடைக்கும்.

ஆடி சாரல்ல வெயிலே வரல, டிரம்ம எப்படி காய வைக்க?

முடிஞ்சா அந்த மாசத்துல தொடைக்கிறதோட நிறுத்துங்க. வண்டு வந்து கழுவியே ஆகணும்னா, அலசும்போது கடைசி தண்ணி நல்ல சூடா இருக்கட்டும், தகடு சூடானா தானே உலரும். காஞ்ச துவர்த்தால தொடச்சு, மடிப்புல துணி ஓரத்த நகத்தால அழுத்தி ஒரு சுத்து சுத்தி, மின்விசிறிக்கு அடியில சரிச்சு ஒரு நாள் முழுக்க வையுங்க. கண்ணுக்கு காஞ்சது போதாது. மூடிய போட்டு, கொஞ்சம் வெயிலு எட்டிப் பாக்குற நேரத்துல கால் மணி நேரம் வெளிய வையுங்க, வெயிலு இல்லன்னா அடுப்புல சூடாக்குன தோசக்கல்ல மூடி மேல இல்லாம டிரம்மு பக்கத்துல வச்சாலும் போதும். பெறகு மூடிய திருப்பி பாருங்க, உள்பக்கம் ஆவி பிடிச்ச மாதிரி பனி நின்னா இன்னும் ஈரம் இருக்கு, அரிசி கொட்டாதீங்க.

அம்மைக்க பலாப்பலகை அஞ்சறைப்பெட்டி கிடக்கு, அத வெந்நீர்ல போடலாமா?

கூடவே கூடாது, பலகை ஊறி மூட்டு விட்டுரும், உள்ள குடிச்ச ஈரம் வாரக்கணக்கா போகாது. காஞ்ச பிரஷ்ஷால மூலையெல்லாம் கூட்டி, பிசின் இருந்தா மேல சொன்ன எண்ணெய் மாவு முறையில எடுத்து, பிழிஞ்ச ஈரத்துணியால ஒரே ஒரு தடவ தொடச்சு நிழல்ல காத்தாட வச்சு, கடைசில கொஞ்சம் வெயிலு காட்டுங்க. நேரா உச்சி வெயில்ல வச்சா வெடிக்கும். மசாலா மணம் மரத்துல நிக்கத்தான் செய்யும், காறலு வாடை போச்சுன்னா போதும். பலகையில ஊசி ஓட்டையும் கீழ மாவு மாதிரி தூளும் கண்டா அது மசாலா வண்டு இல்ல, மரத்த தின்னுற பூச்சி, அதுல சாப்பிடுற சாமான் வைக்காதீங்க.

வேப்பில போடலாமா? ஒருத்தரு வண்டு மாத்திரை போட சொன்னாரு.

வேப்பில காஞ்சதா இருந்தா போடலாம், வண்டு வர்றத கொஞ்சம் தள்ளிப்போடும், உள்ள இருக்குற புழுவ ஒண்ணும் செய்யாது. பச்ச வேப்பில போடாதீங்க, அதுல இருக்குற ஈரம் அரிசிக்கு போகும்.

மாத்திரை விசயத்துல சுத்தி வளைக்காம சொல்றேன், வேண்டாம். மூட்டை அடுக்குற கிட்டங்கியில போடுற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காத்து ஈரம் பட்டா பாஸ்பின்னு ஒரு விசவாயுவ விடும், வீட்டுக்குள்ள அது ஆள கொல்லும். எறும்பு மருந்து, பூச்சி ஸ்ப்ரே இதெல்லாமும் டிரம்மு உள்பக்கம் அடிக்கக்கூடாது. ஏற்கனவே யாராவது ஸ்ப்ரே அடிச்ச டிரம்முன்னா அத கழுவி அரிசிக்கு எடுக்காதீங்க, கரி, விறகுச்சுள்ளின்னு எதையாவது போட்டுக்கோங்க.

எல்லாம் சரி, டிரம்மு சுத்தமாயிட்டு. அந்த வாடை அடிச்ச பத்து கிலோ அரிசிய கழுவி வடிச்சு சாப்பிடலாமா?

எந்த வாடைங்கறதுல தான் இருக்கு. காறலு வாடைன்னா தவிட்டெண்ணெய் கெட்டது, ரெண்டு மூணு தடவ கழுவுனா ஓரளவு போகும், ருசி மட்டம், அவ்வளவு தான். வண்டு தூளு வாடைன்னா அரிப்புல சலிச்சு, தண்ணியில போட்டு மெதக்குற சொத்தையரிசிய வடிச்சு விட்டுட்டு மிச்சத்த வடிக்கலாம். ஆனா மழைக்காலத்துல ஈரத்துணி வாடை அடிச்சு, அரிசி கட்டி கட்டியா ஒட்டி, பச்ச கறுப்பு புள்ளி கண்டா அது பூஞ்சை. பூஞ்சை விட்ட நஞ்சு கழுவுனாலும் கொதிச்சாலும் முழுசா போகாது, மேல் கட்டிய மட்டும் எடுத்துட்டு அடியில இருக்குறத சாப்பிடுறதும் தப்பு. கோழிக்கும் போடாதீங்க, தென்னை மூட்டுல குழி வெட்டி மூடிருங்க.